புதுப்பிப்பு: கேம்பேட் ஸ்டிக் தானாக நகர்வதும் குறி துள்ளுவதும்

நான் முதலில் கேட்டிருந்தது: "வலது ஸ்டிக்கைத் தொடாமலே கேமரா இடப்பக்கம் போகுது. டெட்சோனைக் கூட்டினா குறி துள்ளுது. என்ன செய்யலாம்?"

சரியாகிவிட்டது, எல்லாருக்கும் நன்றி. கைகொடுத்தது கல்முனை அண்ணன் சொன்ன வழி: ஸ்டிக்கை ஓரம் வரை தள்ளிப் பட்டென்று விட்டுவிட்டு, எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்ப்பது. சும்மா கிடக்கையில் 0.05, இடப்பக்கம் தள்ளி விட்டால் 0.09. பத்துத் தடவையில் வந்த பெரிய எண்ணோடு 0.02 கூட்டி, ஸ்டீமில் டெட்சோனை 0.11 ஆக்கியதும் நகர்வு நின்றது. காத்தான்குடித் தம்பி சொன்ன 0.25உம் நிறுத்தும்தான், ஆனால் நுணுக்கமான அசைவெல்லாம் அதற்குள் புதைந்துபோகும்.

எதிர்பாராதது: கேமுக்குள்ளும் ஒரு டெட்சோன் இருந்தது. ஸ்டீமில் உள்ளதும் அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்தன. கேமில் உள்ளதை 0 ஆக்கிய பிறகே துள்ளல் குறைந்தது. மிச்சத்துக்கு, நேர்கோடாக இருந்த வளைவை வர்க்க வளைவாக்கினேன். முன்பு பாதித் தள்ளலுக்கு 0.44 போனது, இப்போது 0.19, முழுத் தள்ளலுக்கு அதே 1.

அக்கரைப்பற்று அக்கா, உங்கள் ட்ரிகர் ஒட்டுவது வேறு பிரச்சினை, இந்த எண்கள் அதற்கு உதவா. ஸ்டிக்கின் உள்ளே ஸ்ப்ரே அடிப்பதா என்பதில் இங்கே இரண்டு கருத்து, நான் கழற்றவில்லை. தேய்வு கூடினால் 0.09 ஏறும், அப்போது மறுபடி அளக்கவேண்டும்.