புதுப்பிப்பு: படங்களுக்கான இணைப்பைக் கேட்டு எழுதிய கடிதம்

"விநியோகத்தர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்கள் அச்சில் மங்குகின்றன, தெளிவான படங்களை எப்படிக் கேட்டு எழுதுவது?" – இது முன்னர் நான் கேட்டது.

கிளிநொச்சி அச்சகத் தம்பி சொன்னதே சரியாக இருந்தது: 1600 பிக்சலுக்குச் சுருங்கி வந்த படம், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேல்தான் தெளிவாக அச்சேறும், ஏ4 துண்டுப்பிரசுரத்தின் நீளத்துக்கோ 3508 பிக்சல் வேண்டும். கணினியில் பெரிதாக்கினால் போதும் என்ற அண்ணரின் யோசனை, பைக்கற்றின் எழுத்துகளை இன்னும் குழப்பியது.

ஆகவே, "ஐயா, தங்கள் பொருட்களின் மூலப் படங்களைச் சுருக்காமல் கூகுள் டிரைவில் ஏற்றி, அனுமதி கேட்காமல் திறக்கும் தரவிறக்க இணைப்பொன்றை அனுப்புமாறு வேண்டுகிறேன்" என எழுதினேன்.

இணைப்பு வந்தது. ஐந்தில் நான்கு படங்கள் சரி. மிளகாய்த்தூள் படம் மட்டும் மீண்டும் 1600தான் (வாட்ஸ்அப்பிலிருந்தே எடுத்து ஏற்றியிருப்பார்கள் போலும்). அதற்காக மறுபடி எழுதியுள்ளேன்.