முன்கதை எழுதுகிறேன்: மாமா செத்துப்போவார் என்று வாசகருக்கு முன்பே தெரியும், பதற்றம் நிற்கவில்லை

நூல்கண்டு:
வணக்கம். இணையத்தில் தொடராக வந்த என் முதல் நாவல் கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை மூடப்பட்ட கதை. சொல்பவன் அப்போது எட்டு வயதுப் பையன். அவனுடைய தாய்மாமா செல்வம் அந்த மில்லில் சங்கச் செயலாளர். கதவடைப்பின் நான்காவது மாதம் தோட்டத்துக் கிணற்றில் பிணமாக மிதக்கிறார். முதல் அத்தியாயத்திலேயே இது வந்துவிடும்.

இப்போது அந்த நான்கு மாதங்களை மாமாவின் பக்கமிருந்து எழுதுகிறேன். ஆறாவது அத்தியாயத்தில் அடியாட்கள் அவரை இரவில் துரத்துகிறார்கள். ஒன்பது பக்கம். படித்துப் பார்த்த மூன்று பேரும் அந்த இடத்தைப் புரட்டித் தள்ளிவிட்டார்கள். "கிணற்றில்தானே சாகப்போகிறார், இங்கே என்ன ஆகிவிடும்?" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

மாடிவீட்டு முத்து:
முடிவு தெரிந்த கதையில் "என்ன ஆகும்" போய்விட்டது, "எப்படி ஆனது"தான் மிச்சம். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழியும் உண்டு. கிணற்றில் கிடந்தது மாமாவே இல்லை, வேறு ஆள் என்று வைத்துவிடுங்கள். எவனும் எதிர்பார்க்க மாட்டான்.

தேவி:
எனக்கும் இதே பிரச்சினை. என் தொடரின் இரண்டாம் பாகத்தில் நாயகி யாரைக் கட்டிக்கொள்வாள் என்று வாசகர்கள் கமெண்டிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு வாரமும் முடிவை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். நீங்களும் மாற்றலாமே?

பழைய பேப்பர்:
தேவி, உங்களுடையது வேறு. உங்கள் முடிவு இன்னும் எழுதப்படவில்லை, ஊகிக்கிறார்கள், அவ்வளவுதான். இவருடையது ஏற்கெனவே வெளிவந்துவிட்டது, மாற்ற முடியாது. முத்து சொல்கிற ஆள்மாறாட்டம் வேண்டாம். முதல் நாவலில் அந்தப் பிணத்துக்காக அழுதவர்களை ஏமாற்றுவதாக ஆகும்.

"எப்படி" என்பது பாதிதான் சரி. எப்படி இறந்தார் என்பதை மட்டும் இருநூறு பக்கம் தள்ளிக்கொண்டு போனால் அது போஸ்ட்மார்ட்டம் அறிக்கை. வாசகருக்கு உண்மையிலேயே தெரியாத ஒன்று வேண்டும்.

நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. கல்கி முதலில் எழுதியது 'பார்த்திபன் கனவு'. அதற்கு முந்தைய காலத்தில் நடக்கும் 'சிவகாமியின் சபதம்' பிறகுதான் வந்தது. முதல் நாவலைப் படித்தவருக்கு நரசிம்மவர்மர் உயிரோடு ஆட்சி செய்வதும், அவருக்குக் குந்தவி என்று ஒரு மகள் இருப்பதும் தெரியும். வாதாபி வீழ்ந்தது சரித்திரம், 642 வாக்கில் நடந்தது. ஆக, மாமல்லர் போரில் சாவாரா, வாதாபி எரியுமா என்ற இரண்டும் கேள்வியே இல்லை. ஆனால் அவர் மாறுவேடத்தில் வாதாபிக்குள் போய்ச் சிவகாமியைக் கூப்பிடும்போது, அவள் சபதம் நிறைவேறாமல் வரமாட்டேன் என்று மறுக்கிற இடத்தில் நமக்குப் பதறுகிறது. போரில் யார் ஜெயிப்பார் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அந்த ஜெயத்துக்கு இவள் என்ன விலை கொடுக்கப்போகிறாள் என்றுதான் மனம் அடித்துக்கொள்கிறது.

ஒரு வேலை செய்யுங்கள். மாமாவைப் பற்றி முதல் நாவல் உறுதியாகச் சொன்ன வாக்கியங்களை மட்டும் எடுத்து எழுதுங்கள். பக்கத்திலேயே அதைச் சொன்னது யார், அவர் நேரில் பார்த்தாரா என்று குறியுங்கள்.

நூல்கண்டு:
எடுத்தேன். எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கிணற்று மேட்டில் செருப்பு ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது, பையன் நேரில் பார்த்தான். "தானாகத்தான் விழுந்திருக்கிறான்" என்றது ஊர், யாரும் பார்க்கவில்லை. சங்கத்தின் போராட்ட நிதி கணக்கில் வரவில்லை, இது வாத்தியார் ஒருவர் சொன்னது. அப்புறம், அந்த வருஷம் அம்மாவின் நகை அடகிலிருந்து திரும்பி வந்தது. அம்மா வளையல் போட்டுக்கொண்டு சிரித்ததைப் பையன் சந்தோஷ நினைவாகச் சொல்வான். கடைசியாகச் சொன்னதற்கும் மாமாவுக்கும் சம்பந்தம் இல்லை.

பழைய பேப்பர்:
இல்லையா? நிதி காணாமல் போன அதே வருஷம் நகை திரும்புகிறது. இந்த இரண்டையும் வாசகருக்குக் கொடுத்தது நீங்கள்தான். நடுவில் கோடு போடவில்லை, அவ்வளவே. உங்கள் முன்கதை அந்தக் கோடுதான் என்று எனக்குப் படுகிறது. மாமா அந்தப் பணத்தைத் தொட்டாரா? அக்காவுக்காகவா? அக்காவுக்குத் தெரியுமா? இது எதற்கும் வாசகரிடம் பதில் இல்லை.

இப்போது ஆறாவது அத்தியாயத்துக்கு வாருங்கள். மாமா உயிர் பிழைப்பாரா என்பதில் பந்தயம் வைத்ததால்தான் அது விழுந்தது. அதே இரவில் அவர் பையில் நிதிப் பணம் இருக்கட்டும். கூடவே ஒரு பதிலித் தொழிலாளி, முதல் நாவலில் பெயரே வராத இளைஞன், வரட்டும். அவன் என்ன ஆனான் என்று யாருக்கும் தெரியாது. துரத்தல் ஒரு பக்கம் போதும். மீதியில், அடிபட்ட அந்தப் பையனை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் பணத்தை எடுப்பதா, எண்பது குடும்பத்தின் அரிசிக் காசு என்று தொடாமல் இருப்பதா என்று மாமா திண்டாடட்டும். ஒருமுறை எடுத்துவிட்டால் அடுத்தமுறை எடுப்பது சுலபம். அக்கா வந்து நகையைப் பற்றிக் கேட்கும்போது வாசகருக்கு வயிறு கலங்கும்.

சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. முதல் நாவல் படிக்காத ஒருவருக்கும் படித்த ஒருவருக்கும் அந்த அத்தியாயத்தைக் கொடுங்கள். படித்தவர் இன்னும் அதிகமாகப் பதற வேண்டும். படிக்காதவர் மட்டும் பதறினால் நீங்கள் இன்னும் உயிர்ப் பயத்தை நம்பித்தான் ஓட்டுகிறீர்கள்.

மாடிவீட்டு முத்து:
இது எனக்குத் தோன்றவில்லை. ஆனால் "அதுதான் அவர் கொண்டாடிய கடைசிப் பொங்கல்" மாதிரி அங்கங்கே ஒரு வரி தூவினால் கனம் கூடும் அல்லவா?

பழைய பேப்பர்:
குறையும் என்பேன். கடைசிப் பொங்கல் என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். எழுத்தாளர் நடுவில் வந்து விரல் விட்டு எண்ணினால் அவருக்கு வேலை இல்லாமல் போகிறது. மாமா அடுத்த பொங்கலுக்கு அக்கா பையனுக்குச் சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று சொல்லட்டும். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

தறிச்சத்தம்:
இதில் நான் ஒத்துப்போகவில்லை. எங்கள் ஊர்க் கூத்தில் கட்டியங்காரன் முதலிலேயே யார் சாகப்போகிறார் என்று சொல்லிவிட்டுப் போவான். ஆனாலும் விடியும்வரை ஜனம் உட்கார்ந்திருக்கும். சொல்கிற குரல் யாருடையது என்பதுதான் விஷயம். மாமா பக்கமிருந்து எழுதும்போது அந்த வரி ஒட்டாது, சரி. வளர்ந்த பையனே சொல்பவனாக இருந்தால் ஒட்டும்.

பழைய பேப்பர்:
அந்தக் கோணத்தில் சரி. ஆனால் பையன் சொன்னால் மாமாவும் அக்காவும் தனியாகப் பேசியதை அவன் எப்படிக் கேட்டான் என்று இன்னொரு சிக்கல் வரும்.

நூல்கண்டு:
மாமாவின் கோணத்திலேயே இருக்கிறேன். ஆறாவது அத்தியாயத்தைத் திருப்பி எழுதிவிட்டேன். துரத்தல் முக்கால் பக்கம், மீதி ஆஸ்பத்திரி வாசல். படித்தவர்களில் ஒருவர் போன் செய்து, "பணத்தை எடுத்தாரா இல்லையா, அதை மட்டும் சொல்லு" என்றார்.

இனி செருப்புதான் பாக்கி. ஜோடியாக இருந்ததைப் பையன் பார்த்தான், அதைத் தொட முடியாது. ஆனால் கழற்றி வைத்தது மாமாதான் என்று எங்கும் எழுதவில்லை. அந்தப் பதிலிப் பையன் வைத்திருந்தால்?

பழைய பேப்பர்:
வைக்கலாம். ஆனால் முன்கதையின் நடுவிலேயே அவனுக்கு அந்தப் பழக்கம் இருப்பதை வாசகர் ஒருமுறை பார்த்திருக்க வேண்டும், சங்க ஆபீஸ் வாசலில் எல்லார் செருப்பையும் அடுக்கி வைப்பவனாக. கடைசி அத்தியாயத்தில் முதன்முதலாக வந்தால் அது முத்து சொன்ன ஆள்மாறாட்டத்துக்கு அண்ணன்.

தேவி:
கிணற்றுக் காட்சியை எழுதப்போகிறீர்களா, அதற்கு முன்பே நிறுத்திவிடுவீர்களா?

நூல்கண்டு:
இரண்டையும் எழுதிப் பார்க்கிறேன். இப்போதைக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டுகிற இடத்தில் நிற்கிறது.