கிளர்வு ஆற்றல் கணக்கு: 54.6ஆ, 52.4ஆ?

வணக்கம். மகன் ஜேசி இரண்டாம் ஆண்டு, நான் வேதியியல் படித்து இருபது வருடம் ஆகிவிட்டது, நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் ஒரு கணக்கில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம்.

வினைவேக மாறிலி 25°C-இல் 1.2 × 10⁻³ s⁻¹, 45°C-இல் 4.8 × 10⁻³ s⁻¹. அர்ஹீனியஸ் சமன்பாட்டை இரண்டு வெப்பநிலைக்கும் எழுதி வகுத்தால் A போய்விடுகிறது:

ln(k₂/k₁) = (Ea/R)(1/T₁ − 1/T₂)

முதலில் அவன் செல்சியஸிலேயே போட்டு 0.65 kJ/mol என்றான். இவ்வளவு குறைவாக இருந்தால் 20 டிகிரியில் வேகம் நான்கு மடங்கு ஆகுமா? சரி, கெல்வினுக்கு மாற்றினோம். ln 4 = 1.386, R = 8.314. எனக்கு 54.6 வந்தது, அவனுக்கு 52.4. பார்த்தால் அவன் 1/298, 1/318 இரண்டையும் 0.00336, 0.00314 என்று சுருக்கிவிட்டுத்தான் கழித்திருக்கிறான். நான் கடைசி வரை கால்குலேட்டரிலேயே வைத்திருந்தேன் (வித்தியாசம் 2.11 × 10⁻⁴).

என் சந்தேகம் இதுதான்: இப்படிச் சுருக்கினால் பரீட்சையில் மதிப்பெண் போகுமா? அப்புறம், 45 என்று எழுதியது உண்மையில் 44 ஆக இருந்திருந்தால் விடை 57.3 ஆகிவிடுகிறது, ஒரே டிகிரிக்கு! அப்படியென்றால் சோதனைக்கூடத்தில் இரண்டே வெப்பநிலையை நம்பலாமா, இல்லை நான்கைந்து எடுத்து 1/T-க்கு எதிராக ln k வரைபடம் போடச் சொல்லட்டுமா? சொல்லித்தருகிறவர்கள் யாராவது இருந்தால் கொஞ்சம் விளக்குங்களேன், வெள்ளிக்கிழமை அவனுக்கு டெஸ்ட்.