மாணவர் இதழின் மாறாத பெயருக்கு ஒரு சொல்

கோமதி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் பள்ளியில் மாணவர் இதழ் ஒன்று பருவத்துக்கு ஒரு முறை வருகிறது. இரண்டு ஏ3 தாளை மடித்து எட்டுப் பக்கம், ஜெராக்ஸ்தான். பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர் குழு. புதுக் குழு வந்ததும் முதல் வேலையாகப் பெயரை மாற்றிவிடுகிறது. ‘சிறகுகள்’ போய் ‘விடியல்’ வந்தது, அதுவும் போய் இப்போது ‘இளந்தளிர்’. நூலக அலமாரியில் பார்த்தால் மூன்று இதழ்கள் பிறந்து செத்த மாதிரி இருக்கிறது. வேண்டாம் என்றால், “மிஸ், இது எங்க பேட்ச் புக்” என்கிறார்கள்.

சரி, இரண்டு பெயர் வைத்துக்கொள்ளட்டும், மாறாதது ஒன்று, அந்தந்தக் குழு சூட்டுவது ஒன்று என்று பேசி முடித்திருக்கிறோம். குழுவின் விதிக் குறிப்பேட்டில் எழுத இந்த இரண்டுக்கும் சொல் வேண்டும். ‘நிரந்தரத் தலைப்பு’, ‘தற்காலிகத் தலைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், அரசாணை வாடை அடிக்கிறது. ‘தொடர்தலைப்பு’ சரிவருமா?

பிரபு:
அம்மா, சொல் இருக்கட்டும். இதழின் பெயரை டெல்லியில் பதிவு செய்தே ஆகவேண்டும், 1867ஆம் ஆண்டுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அங்கே ஏற்கெனவே இருக்கும் பெயரைக் கொடுக்க மாட்டார்கள். ‘விடியல்’ எல்லாம் எப்போதோ போயிருக்கும். கிடைக்கிற பெயரை முதலில் பாருங்கள்.

சண்முகம்:
பிரபு தம்பி சொல்வதில் பாதி சரி. ஒரே மொழியில் ஒரே பெயரை இரண்டு பேருக்குத் தருவதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த 1867 சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2023இல் வந்த சட்டம் 2024 மார்ச் முதல் நடப்பில் இருக்கிறது. அது பார்ப்பது பொதுச் செய்தியும் அதைப் பற்றிய கருத்தும் தாங்கி வரும் பருவ இதழ்களை. பிள்ளைகளின் கதை, பாட்டு, கபடிச் செய்தி போட்டுப் பள்ளிக்குள் கொடுக்கிற எட்டுப் பக்கம் வேறு விஷயம். விலை போட்டுக் கடையில் தொங்கவிடும் நாள் வந்தால் அப்போது விசாரித்துக்கொள்ளலாம்.

கோமதி அம்மா, ‘தொடர்தலைப்பு’ வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் திரும்பத் திரும்ப வருகிற வரியை அச்சுக்காரர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். இலக்கணத்திலேயே நமக்கு ஒரு சோடி இருக்கிறதே, நிலைமொழி, வருமொழி என்று. அதைப் பின்பற்றி மாறாததை நிலைப்பெயர் என்றும், குழு கொண்டுவருவதை வருபெயர் என்றும் சொல்லலாமே. ‘இளந்தளிர்’ இந்த ஆண்டின் வருபெயர், அவ்வளவுதான்.

நூலகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பருவ இதழ்களுக்கு எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண் கொடுக்கிறார்களே, அந்த எண் இதழின் பெயரோடு ஒட்டியது. பெயர் பெரிதாக மாறினால் புது எண் வாங்கவேண்டும். அதாவது நூலகக் கணக்கில் அது வேறு இதழ். உங்கள் அலமாரி சொல்வதும் அதையேதான். வெறுமனே ‘மலர்’, ‘செய்திமடல்’ என்று பொதுப்பெயர் வைத்தால், எது எந்த மலர் என்று தெரிவதற்காக வெளியிடும் நிறுவனத்தின் பெயரையும் அடைப்பில் சேர்த்துத்தான் பதிவார்கள். இதழுக்கென்று சொந்த முகம் இல்லாததால் பள்ளியின் முகத்தைக் கடன் வாங்குகிறார்கள்.

இர்பான்:
எங்கள் கல்லூரியிலும் இதே கதை. அட்டையில் துறையின் ஆங்கிலச் சுருக்கத்தைப் பெயராகப் போட்டோம். துறையின் பெயரை மாற்றினார்கள், இதழின் பெயருக்கு அர்த்தமே இல்லாமல் போயிற்று. அட்டை வடிவமைப்புக்கு யாரைப் பிடிக்கலாம் என்றுதானே கேட்கிறீர்கள்? எழுத்துருவை மட்டும் மாற்றாமல் வைத்தால் போதும்.

கோமதி:
தம்பி, அட்டை அடுத்த கட்டம். ஆனால் துறைப் பெயர் கதை உதவியாக இருக்கிறது. நிலைப்பெயரை எதிலிருந்து எடுக்கக்கூடாது என்பதற்கு அது ஒரு சான்று.

சண்முகம்:
எதிலிருந்து எடுக்கலாம் என்பதற்கு நன்னூல் பாயிரத்தில் ஒரு நூற்பாவே இருக்கிறது. நூலுக்குப் பெயர் வரும் வழிகள்: முதல்நூல், செய்தவர், அளவு, மிகுதி, பொருள், செய்வித்தவர், தன்மை. இவை போக இடுகுறி. மாணவர் இதழுக்கு இதை வைத்துப் பாருங்கள். செய்தவர் பெயர் ஆகாது, அவர்கள் அடுத்த ஆண்டு போய்விடுவார்கள். செய்வித்தவர் பெயரும் ஆகாது, தலைமையாசிரியர் மாறுவார். அளவும் வேண்டாம், எட்டுப் பக்கம் பன்னிரண்டாகும். எனக்குத் தன்மையும் இடுகுறியும்தான் பொருத்தமாகப் படுகின்றன. 1970இல் ‘கசடதபற’ என்று ஒரு சிற்றிதழ் வந்தது. வல்லின எழுத்து ஆறு, அவ்வளவுதான் பெயர். உள்ளே என்ன குரல் இருக்கும் என்று அட்டையே சொல்லிவிட்டது.

சிவகாமி (யாழ்ப்பாணம்):
வணக்கம். வயதை வைத்துப் பெயரிட்டால் நிற்காது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் ‘இளங்கதிர்’ எத்தனையோ மாணவர் அணிகளைக் கண்டு அதே பெயரில் நின்றிருக்கிறது. சங்கம் என்று ஒன்று இருந்து பெயரைக் கையளித்தபடியால் நின்றது. பெயர் மட்டும் நிற்க வைக்காது.

இன்னொன்று, ஐயா. நிலைமொழி முன்னே நிற்கும், வருமொழி பின்னே வரும். ஆனால் ‘சுட்டி விகடன்’, ‘பசுமை விகடன்’ என்பவற்றில் மாறாத சொல் பின்னால் நிற்கிறதே. உங்கள் உவமை அங்கே நொண்டுகிறது.

சண்முகம்:
நொண்டுகிறதுதான், ஒப்புக்கொள்கிறேன். இடத்தை விட்டுவிட்டு நிற்பது, வருவது என்ற பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

கோமதி:
நேற்றுப் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். எங்கள் ஊர் ஏரிக்கரை ஊர். ஒரு பெண் ‘மதகு’ என்றாள். முதலில் யாருக்கும் பிடிக்கவில்லை, ‘கெத்தா இல்ல மிஸ்’ என்றார்கள். “மதகுல என் கதை வந்திருக்கு”, “மதகுக்கு எழுதித் தா”, “போன மதகைப் பாத்தியா” என்று ஒவ்வொருவரையும் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். உருபு ஒட்டும்போது நாக்கு தடுக்கவில்லை. ‘சிறகுகள்’ அங்கேயே தோற்றது, “சிறகுகள்ல” என்று யாரும் சொல்வதில்லை, ‘புக்குல’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் உட்பகுதிகளுக்குப் பெயர் தானாக வந்தது. பள்ளிச் செய்தி ‘வரத்துக்கால்’, விளையாட்டு ‘கரை’, இடம் போதாமல் மிஞ்சிய துணுக்குகள், ஏரியில் மிஞ்சிய நீர் வழிகிற ‘கலிங்கு’. ஊரில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் நீர்க்கட்டி. அதனால் இந்தப் பருவத்து ஆசிரியரும் நீர்க்கட்டிதானாம்! பிடிக்காதவர்கள்கூட இதில் சேர்ந்துகொண்டார்கள். ‘விடியல்’ என்று வைத்தபோது உள்ளே எந்தப் பகுதிக்கும் பெயர் கிளைக்கவே இல்லை.

வருபெயருக்கு அட்டையின் அடியில் ஒரு வரி ஒதுக்கினோம். அதன் நீளம், எழுத்து, நிறம் எல்லாம் குழுவின் இஷ்டம். மேலே ‘மதகு’ அதே கையெழுத்தில் இருக்கும்.

இர்பான்:
இதழ் எண்ணையும் ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள். எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு குழுவும் ‘மலர் 1, இதழ் 1’ என்று போட்டு, முதல் இதழ் என்றே ஐந்து கிடக்கின்றன.

சண்முகம்:
நல்ல யோசனை. பழைய மூன்று பெயர்களில் வந்தவற்றையும் எண்ணிச் சேர்த்துவிடுங்கள். முதல் ‘மதகு’வின் உள்ளட்டையில், ‘முன்பு சிறகுகள், விடியல், இளந்தளிர்’ என்று ஒரு வரி போட்டால் நூலகர் கையெடுத்துக் கும்பிடுவார்.

பிரபு:
எல்லாம் சரி, ‘நிலைப்பெயர்’ எனக்கு உதைக்கிறது. பிள்ளைகள் ஒற்றை விட்டு எழுதுவார்கள். ‘நிலைபெயர்’ என்றால் இருந்த இடத்தை விட்டுப் பெயர்வது. நேர் எதிர்ப்பொருள். ‘தாய்ப்பெயர்’ என்று வைக்கலாமே?

சிவகாமி:
பள்ளிப் படிவத்தில் ‘தாய் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்குமே!

சண்முகம்:
பிரபு சொல்வது நியாயமான தடை. ‘நிலைத்த பெயர்’ என்று பிரித்து எழுதினால் ஆபத்தில்லை. ஆனால் ‘வருபெயர்’ பக்கத்தில் வைத்தால் சோடி சேரவில்லை. எனக்கு இன்னும் ‘நிலைப்பெயர்’தான்.

கோமதி:
குறிப்பேட்டில் இப்போதைக்கு ‘நிலைப்பெயர்’, ‘வருபெயர்’ என்றே எழுதிவிட்டேன், ப் மேல் சிவப்பு மையில் புள்ளி வைத்து. நிலைப்பெயரை மாற்ற வேண்டுமானால் நடப்புக் குழுவோடு முந்தைய குழுக்களிலிருந்து இரண்டு பேராவது ஒப்பவேண்டும் என்று ஒரு விதியும் சேர்த்தோம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் போனவர்களை எப்படிக் கூப்பிடுவது என்பதுதான் தெரியவில்லை. யாராவது இதை நடத்திப் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.