உறைக்குள் அடைபட்ட காந்தப் பாயம்: ஒரு விளக்கம் தேவை

அகரோனோவ்–போம் விளைவைச் சோதிக்க, டோனோமுரா குழுவினர் 1986-இல் நுண்ணிய காந்த வளையம் ஒன்றை நியோபியத்தால் முழுவதும் மூடி, எலக்ட்ரான் அலையின் ஒரு பகுதியை அதன் துளை வழியாகவும் மறுபகுதியை வளையத்துக்கு வெளியேயும் செலுத்தினர். கட்ட வேறுபாடு eΦ/ħ என்பதும், நியோபியம் மீக்கடத்தியானதும் பாயம் h/2e-இன் முழு மடங்காகிவிடுவதால் அவ்வேறுபாடு 0 அல்லது π ஆகவே அமைகிறது என்பதும் புரிகின்றன. துளைக்குள் தெரியும் குறுக்கீட்டுப் பட்டைகள் வெளிப்பட்டைகளுக்கு நேராகவோ, சரியாக அரைப்பட்டை விலகியோ நிற்கும் படம் என்னை மிகவும் கவர்ந்தது.

என் ஐயம் இதுதான்: கடந்து செல்லும் எலக்ட்ரானின் சொந்தக் காந்தப்புலம் உள்ளிருக்கும் காந்தத்தை எட்டாமல் உறை தடுத்தாலும், உறையின் மேற்பரப்பு மின்னோட்டங்களை அது பாதிக்கத்தானே செய்யும்? அந்த எதிர்வினையிலிருந்தே கட்ட மாற்றத்தைப் பெற முடியுமா, அல்லது வெக்டர் பொட்டென்ஷியலைத் தவிர்க்கவே இயலாதா? கணக்கிட்டுப் பார்த்தவர்கள் படிப்படியாக விளக்குமாறு வேண்டுகிறேன்.