பீஸ் ரேட்டில் காத்திருந்த நேரத்துக்குச் சம்பளம்: எப்படிக் கணக்கு போடுகிறீர்கள்?

திருப்பூர் பனியன் யூனிட் நடத்துபவர்கள், கணக்கு பார்ப்பவர்கள் சொல்லுங்கள். ஓவர்லாக்கில் சைடு அடிக்க பீஸுக்கு 1.20 ரூபாய், 8 மணி நேரத்துக்கு உத்தரவாதம் 480 என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் 500 பீஸ், 600 ரூபாய்.

திங்களன்று கட்டிங் பண்டல் 2 மணி நேரம் வரவில்லை. அதே வேகத்தில் அடித்தும் 375 பீஸ்தான், 450 ரூபாய். செவ்வாய் 600. அன்றாடம் பார்த்தால் திங்களுக்கு 30 ரூபாய் சேர்த்து மொத்தம் 1080. வாரக் கணக்கில் இரண்டு நாளையும் கூட்டினால் 1050. உத்தரவாதம் 960ஐத் தாண்டிவிடுவதால் சேர்ப்பது ஒன்றுமில்லை. காத்திருந்த நேரத்தை மணிக்கு 60 என்று தனியாகக் கொடுத்தால் 1170. டெய்லர் மீது தப்பில்லாதபோது இதுதான் நியாயம் என்பேன்.

540 ரூபாய் ஷிப்ட் சம்பளத்திலும் இரண்டு நாளுக்கு 1080தான். ஆனால் திங்களன்று பீஸுக்கு 1.44 விழும், செவ்வாயன்று 1.08, பண்டல் தாமதம் ஓனர் கணக்கில் உடனே தெரியும். பீஸ் ரேட்டில் அது டெய்லர் கூலிக்குள் மறைந்துவிடுகிறது.

காத்திருந்த நேரத்தை உங்கள் லைனில் யார் எழுதுகிறார்கள்? சூப்பர்வைசர் மட்டும் எழுதினால் குறைத்துப் போடுவார். பண்டல் டிக்கெட்டிலேயே வந்த நேரம் குறிப்பவர்கள் இருந்தால், அந்த டிக்கெட்டின் மாதிரியைப் போடுங்கள்.