சிதைந்த தமிழ்க் கோப்புகளில் புள்ளியையும் உகரத்தையும் பிரித்தறிய உதவி தேவை

யூடிஎஃப்-8 வடிவில் இருந்த எங்கள் நாட்டார் பாடல் கோப்புகளை, சென்ற மாதம் பழைய கணினியிலிருந்து மாற்றும்போது ஒரு மென்பொருள் விண்டோஸ்-1252 என்று தவறாகப் படித்து, மீண்டும் யூடிஎஃப்-8 ஆகவே சேமித்துவிட்டதால், ‘தமி’ என்பது `தமி` என்று தெரிகிறது. மூலப்பிரதி இல்லை. விண்டோஸ் 10, பைதான் 3.11 பயன்படுத்துகிறேன்.

தவறான மாற்றத்தைத் தலைகீழாகச் செய்து பார்த்தேன்:

```
s.encode('cp1252').decode('utf-8')
```

இது `'\x8d'` என்ற இடத்தில் பிழை காட்டி நின்றது. புள்ளியின் மூன்றாவது பைட்டான 8D, உகரக் குறியின் 81 ஆகிய இரண்டுக்கும் விண்டோஸ்-1252இல் எழுத்தே கிடையாது என்பதுதான் காரணம். அந்த இடங்களை மட்டும் `latin-1` கொண்டு மாற்றியதும் பெரும்பாலான கோப்புகள் பிழையின்றி மீண்டன.

மீதிக் கோப்புகளில்தான் சிக்கல். அவற்றில் அந்த பைட்டுகள் `U+FFFD` ஆகிவிட்டதால், புள்ளிக்கும் உகரத்துக்கும் ஒரே `à¯�` தான் எஞ்சியிருக்கிறது. ‘வீட்டுக்கு’ என்ற சொல்லில் இத்தகைய இடங்கள் நான்கு இருப்பதால் பதினாறு வடிவங்கள் பிறக்கின்றன. சொற்பட்டியலோடு ஒப்பிட்டால் அதில் ஒன்றே தேறும். ஆனால் ‘கண்’, ‘கணு’ போன்றவற்றில் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் பட்டியல் கைகொடுக்கவில்லை.

இத்தகைய இடங்களில் முன்பின் சொற்களைப் பார்த்துச் சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் தமிழ் நிரல் ஏதேனும் உங்களில் யாருக்காவது தெரியுமா?